பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன் ஒரு ஜன்னல்

தொலைபேசித் துறையில் 34 வருஷம் குப்பை கொட்டியவன் நான். அங்கே கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் இன்றைக்கு உபயோகமில்லை. எக்ஸ்சேஞ்சுகள் போய்விட்டன, கம்பத்துக் கம்பிகளும் போய்விட்டன. ஆனால் ஒரே ஒரு பழக்கம் மட்டும் இன்னும் சோறு போடாவிட்டாலும் தலைவலி குறைக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அந்தக் காலத்தில் ஃபோன் செத்துவிட்டால் 198க்குப் புகார் செய்வோம், ஞாபகம் இருக்கும். மறுநாள் லைன்மேன் வருவார். அனுபவமுள்ள லைன்மேன் நேராக வீட்டுக்குள் வந்து கருவியைப் பிரிக்க மாட்டார். தெருமுனைக் கம்பத்தில் இருக்கும் பெட்டியைத் திறந்து, கையோடு கொண்டுவந்த டெஸ்ட் ஃபோனை அந்த ஜோடிக் கம்பியில் மாட்டிக் கேட்பார். டயல் டோன் வந்தால் எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை, பழுது வீட்டுப் பக்கம். வரவில்லை என்றால் வீட்டுக்குள் போய்ப் பிரயோஜனமே இல்லை. இரண்டு நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் உள்ளே போய் வயரை மாற்றி, கருவியை மாற்றி, சாயங்காலம் வரை அலைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வங்கியோ, பென்ஷனோ, மெயிலோ, ஏதாவது ஒரு இணையதளம் நம்மை உள்ளே விட மறுக்கும்போது நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்த அலைச்சல்காரர்கள் மாதிரிதான் நடந்துகொள்கிறோம். முதல் காரியமாக பாஸ்வேர்டை மாற்றுகிறோம். இது தவறு என்பது என் கட்சி. பழுது கணக்கில் இருக்கிறதா, நம் கம்ப்யூட்டரில் இருக்கும் ப்ரௌசரில் இருக்கிறதா என்று தெரியும்வரை கணக்கைத் தொடவே கூடாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு டெஸ்ட் ஃபோன் எல்லார் கம்ப்யூட்டரிலும் சும்மா இருக்கிறது. அதன் பெயர்தான் பிரைவேட் ஜன்னல், அல்லது இன்காக்னிடோ.

ஒரு நடந்த கதையோடு சொல்கிறேன்.

2024 ஏப்ரல் முதல் வாரம். எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியை இருக்கிறார். நாங்கள் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். வைப்பு நிதி வட்டியில் வரி பிடிக்காமல் இருக்க அப்போது 15எச் படிவம் கொடுக்க வேண்டியிருந்தது அல்லவா, அதை வங்கியின் இணையதளத்திலேயே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். காலை 10 மணிக்கு உட்கார்ந்தவர் 12 மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் மூன்று பாஸ்வேர்டுகள் எழுதி இரண்டு அடிக்கப்பட்டிருந்தன.

"சார், பாங்க்ல என் கணக்கையே ஏதோ பண்ணிட்டாங்க. ரெண்டு தடவை பாஸ்வேர்டு மாத்திட்டேன். மாத்தும்போது சரின்னு சொல்லுது, உள்ள போனா விடமாட்டேங்குது."

"தப்பான பாஸ்வேர்டுன்னு சிவப்பு எழுத்துல ஏதாவது வருதா டீச்சர்?"

"ஒண்ணுமே சொல்லல சார். பேரு போட்டு, பாஸ்வேர்டு போட்டு, அமுக்கினா ஒரு நொடி சுத்துது. அப்புறம் முதல் பக்கத்துக்கே வந்து நிக்குது."

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கைபேசி எண்ணும் இருந்தது. வங்கியின் வாடிக்கையாளர் சேவை என்று தேடியதில் கிடைத்ததாம். அடுத்து அதைத்தான் கூப்பிடுவதாக இருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த எண்தான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

மாடிக்குப் போனேன். அவர் வைத்திருப்பது குரோம் ப்ரௌசர். விசைப்பலகையில் `Ctrl+Shift+N` அழுத்தினேன். கருப்பாக ஒரு புது ஜன்னல் திறந்தது. (ஃபயர்பாக்ஸ் என்றால் `Ctrl+Shift+P`. எட்ஜ் என்றால் குரோமில் செய்ததேதான்.) "இதுல வங்கி முகவரியை நீங்களே கையால அடிங்க. பெயரும் பாஸ்வேர்டும் கூட கையாலேயே அடிங்க. ஒரே ஒரு தடவை" என்றேன். அடித்தார். கைபேசிக்கு ஓ.டி.பி. வந்தது. போட்டார். உள்ளே போய்விட்டது. கணக்கு, வைப்பு நிதி எல்லாம் அப்படியே இருந்தது. டீச்சர் முகத்தில் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. அந்த ஜன்னலிலேயே படிவத்தையும் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

அதாவது கம்பத்தில் டயல் டோன் வந்துவிட்டது. கணக்கு, பாஸ்வேர்டு, வங்கியின் கம்ப்யூட்டர் எதிலும் குறையில்லை. பழுது வீட்டுக்குள்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கோயிலுக்குப் போனால் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோம். இணையதளமும் அப்படித்தான். நாம் சரியான பாஸ்வேர்டு கொடுத்ததும் ஒரு டோக்கனை நம் ப்ரௌசரிடம் கொடுத்துவைக்கிறது. அதற்குத்தான் குக்கீ என்று பெயர். அடுத்த பக்கத்துக்குப் போகும்போது "டோக்கன் எங்கே?" என்று கேட்கும். காட்டினால் உள்ளே விடும். டோக்கன் இல்லை என்றாலோ, போன மாசத்துப் பழைய டோக்கனை நீட்டினாலோ, ஒரு வார்த்தை பேசாமல் வாசலுக்கே திருப்பி அனுப்பிவிடும். டீச்சருக்கு நடந்தது அதுதான். பாஸ்வேர்டு தப்பு என்றால் தளம் பெரும்பாலும் அதை வாய்விட்டுச் சொல்லும். ஒன்றுமே சொல்லாமல் முதல் பக்கத்துக்குத் திரும்பினால் எனக்கு முதல் சந்தேகம் டோக்கன் மேல்தான்.

பிரைவேட் ஜன்னல் டோக்கன் பெட்டி காலியாக ஆரம்பிக்கிறது. பழைய குக்கீ எதுவும் அதற்குத் தெரியாது. இரண்டாவதாக, நாம் ப்ரௌசரில் ஒட்டவைத்திருக்கும் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது விளம்பரம் தடுப்பது, கூப்பன் தேடுவது போன்ற குட்டி நிரல்கள், நாம் தனியாக அனுமதி கொடுத்தால் தவிர அந்த ஜன்னலில் வேலை செய்யாது. ஆகவே பிரைவேட் ஜன்னலில் வேலை நடந்தால் குற்றவாளிகள் பெரும்பாலும் இரண்டே பேர்: பழைய டோக்கன், அல்லது ஒரு எக்ஸ்டென்ஷன். இரண்டில் யார் என்று அந்த ஜன்னல் சொல்லாது. அதை நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரித்தோம். வழக்கமான ஜன்னலில், முகவரி எழுதும் இடத்தில் `chrome://extensions` என்று அடித்தேன். (எட்ஜில் `edge://extensions`, ஃபயர்பாக்ஸில் `about:addons`.) வரிசையாக ஐந்து இருந்தன. டீச்சருக்கு அதில் ஒன்றுதான் தெரியும், தமிழ் தட்டச்சு. "மத்ததெல்லாம் பொங்கல் லீவுக்கு வந்தப்ப பேரன் போட்டிருப்பான் சார்" என்றார்.

"கடைசியா எப்ப இந்த பாங்க் தளத்துக்குள்ள போனீங்க?"

"மார்கழியில. அப்ப நல்லாத்தான் இருந்தது."

ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன விசை இருக்கும். ஐந்தையும் அணைத்தோம். எதையும் நீக்கவில்லை, அணைத்தோம், அவ்வளவுதான். இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம்: ஏற்கெனவே திறந்திருக்கும் வங்கிப் பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் செய்துவிட்டுப் போன வேலை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். திறந்தோம். வழக்கமான ஜன்னலிலேயே உள்ளே போய்விட்டது. ஆக, குற்றவாளி எக்ஸ்டென்ஷன்தான்.

ஐந்தில் எது? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். பாதி பாதியாகப் போட்டால் சீக்கிரம் முடியும். முதலில் இரண்டை மட்டும் போட்டோம். வெளியே வந்து மறுபடி உள்ளே போனோம், போனது. அந்த இரண்டும் நிரபராதி. மீதி மூன்றில் ஒன்றைப் போட்டோம், போனது. அடுத்ததைப் போட்டோம். ஒரு நொடி சுற்றிவிட்டு வாசலுக்கு வந்து நின்றது. பிடிபட்டது யார் தெரியுமா? நாம் ஒரு தளத்தை விட்டு நகர்ந்ததும் அதன் குக்கீகளையெல்லாம் தானாகவே பெருக்கித் தள்ளும் ஒரு எக்ஸ்டென்ஷன். பாட்டியை யாரும் வேவு பார்க்கக் கூடாது என்று பேரன் நல்லெண்ணத்தில் போட்டது. இந்த வங்கியில் பாஸ்வேர்டு வாங்கும் பக்கம் ஒரு முகவரி, கணக்கைக் காட்டும் பக்கம் வேறு முகவரி. முதல் முகவரியை விட்டு நகர்ந்த அந்த நொடியிலேயே டோக்கனைக் குப்பையில் போட்டுவிட்டது. டீச்சர் முப்பது தடவை பாஸ்வேர்டு மாற்றியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

ஐந்தையும் அணைத்த பிறகும் உள்ளே போகவில்லை என்றால்? அப்போது சந்தேகம் பழைய டோக்கன் பக்கம் போகும். அதற்கு வைத்தியம் அந்த ஒரு தளத்தின் குக்கீகளை மட்டும் அழிப்பது. குரோமில் `chrome://settings/content/all` என்று அடித்தால் எல்லாத் தளங்களின் பட்டியலும் வரும். தேடும் இடத்தில் தளத்தின் பெயரை எழுதி, அதை மட்டும் அழித்துவிடலாம். ஃபயர்பாக்ஸில் முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் பூட்டுப் படத்தை அமுக்கினால் `Clear cookies and site data` என்று இருக்கும். இங்கேதான் நம் சொந்தக்காரப் பையன்களோடு எனக்குச் சண்டை. "எல்லா ஹிஸ்டரியையும் க்ளியர் பண்ணுங்க அங்கிள்" என்று ஃபோனிலேயே சொல்லிவிடுவார்கள். ஒரு வீட்டில் எலி என்றால் ஊரையே காலி செய்கிற வேலை இது. எல்லாக் குக்கீகளையும் அழித்தால் மெயில் முதற்கொண்டு எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியே வந்துவிடுவோம். அந்தப் பட்டியலில் பாஸ்வேர்டுகள் என்ற கட்டமும் இருந்து அதில் டிக் விழுந்துவிட்டால் சேமித்த பாஸ்வேர்டுகளும் போய்விடும். ஒரு தளத்தில் நுழைய முடியாதவர் அன்று சாயங்காலம் பத்துத் தளங்களில் நுழைய முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

சரி, பிரைவேட் ஜன்னலிலும் உள்ளே விடவில்லை என்றால் பழுது கணக்கில்தான் என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? கூடாது. இதில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

போன வருஷம் ஒரு தளத்தில் எனக்கே இந்தத் தொல்லை வந்தது. பிரைவேட் ஜன்னலைத் திறந்தேன். பெயரும் பாஸ்வேர்டும் தானாகவே வந்து கட்டத்தில் உட்கார்ந்தன. அமுக்கினேன். தவறான பாஸ்வேர்டு என்றது. இன்னொரு தடவை அமுக்கினேன், அதே பதில். கணக்கில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். பிறகுதான் உறைத்தது: குக்கீ இல்லாத பிரைவேட் ஜன்னலில்கூட, ப்ரௌசர் சேமித்துவைத்த பாஸ்வேர்டை நிரப்பக்கூடும். இரண்டு மாசத்துக்கு முன் கைபேசியில் நான் பாஸ்வேர்டை மாற்றியிருந்தேன். கம்ப்யூட்டர் பழையதையே பிடித்துக்கொண்டு இரண்டு ஜன்னலிலும் நீட்டிக்கொண்டிருந்தது. டீச்சரைக் கையால் அடிக்கச் சொன்னதற்குக் காரணம் இந்த அனுபவம்தான். கட்டத்தின் ஓரத்தில் கண் படம் இருந்தால் அதை அமுக்கி, அடித்தது சரிதானா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது. தமிழ் தட்டச்சு ஆன் ஆகியிருந்தாலோ, `Caps Lock` விழுந்திருந்தாலோ அப்போதே தெரிந்துவிடும்.

பிரைவேட் ஜன்னல் மாற்றாத விஷயங்கள் இன்னும் உண்டு. அதே கம்ப்யூட்டர், அதே ப்ரௌசர், அதே வீட்டு இணைப்பு. அதனால் அங்கேயும் தோற்றால் இரண்டாவது கம்பத்துக்குப் போக வேண்டும். கைபேசியில் வைஃபையை அணைத்து, சிம் கார்டின் டேட்டாவில், கைபேசி ப்ரௌசரில் ஒருமுறை கையால் அடித்துப் பார்க்க வேண்டும். கருவி வேறு, ப்ரௌசர் வேறு, இணைப்பு வேறு. அங்கேயும் அதே பதில் வந்தால்தான் நான் கணக்கின் மேல் கை வைப்பேன். அங்கே மட்டும் போனால் பழுது கம்ப்யூட்டரிலோ வீட்டு இணைப்பிலோ இருக்கிறது.

பிரைவேட் ஜன்னல் பொய் சொல்லும் ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தளத்துக்குள் போக வேறொரு தளத்தின் கணக்கைக் காட்டும் ஏற்பாடு உண்டு, `Sign in with Google` என்பது போல. பிரைவேட் ஜன்னல்கள் இப்படி இன்னொரு தளம் வைக்கும் குக்கீகளை வழக்கத்தைவிடக் கடுமையாகத் தடுக்கும். அதனால் கணக்கும் சரி, வழக்கமான ஜன்னலும் சரி, இங்கே மட்டும் தடுமாறலாம். ஓ.டி.பி. கேட்பதையும் கோளாறு என்று நினைக்க வேண்டாம். பழைய டோக்கன் இல்லாததால் தளத்துக்கு நாம் புது ஆள் மாதிரி தெரிகிறோம், அவ்வளவுதான்.

கணக்கைத் தொடுவதில் எனக்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்று கேட்கலாம். தப்பான முயற்சிகளை வங்கிகள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. சில தடவைக்கு மேல் போனால் கணக்கையே பூட்டிவிடும். பிரைவேட் ஜன்னலில் செய்வதும் அந்த எண்ணிக்கையில்தான் சேரும். அதனால்தான் "ஒரே ஒரு தடவை" என்றேன். பாஸ்வேர்டை மாற்றினாலோ, எந்த நோட்டில் எழுதியது புதியது, எந்தக் கருவியில் பழையது சேமித்திருக்கிறது என்று இரண்டாவது குழப்பம் ஆரம்பிக்கும். முதலில் இருந்தது ஒரு பழுது, இப்போது இரண்டு. எங்கள் துறையில் இதை நாங்களே உண்டாக்கிய பழுது என்போம்.

கடைசியாக அந்தக் கைபேசி எண். பதற்றத்தில் தேடிக் கிடைக்கும் சேவை எண்களில் திருடர்களின் எண்களும் கலந்திருக்கின்றன. "உங்க கணக்கு முடங்கிடுச்சு மேடம், இந்த ஆப்பை இறக்குங்க, நாங்க சரி பண்றோம்" என்பான். அந்த ஆப் நம் திரையையே அவன் கையில் கொடுத்துவிடும். என் கணக்கை ஏதோ செய்துவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பவர் அவன் சொல்வதை உடனே நம்புவார். என் கணக்கு நன்றாக இருக்கிறது, என் ப்ரௌசரில்தான் தூசி என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துகொண்டவர் யாரையும் கூப்பிடவே மாட்டார். கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால் டெபிட் கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930.

டீச்சர் அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்துப்போட்டார். அடுத்த பக்கத்தில் தலைமையாசிரியைக்கே உரிய அழகான கையெழுத்தில் `Ctrl+Shift+N` என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். பேரனுக்கு அன்று சாயங்காலமே ஃபோன் போயிருக்கிறது. என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.